ஆபீஸ் சண்டை படுக்கை வரை வராமல் இருக்க: வேலையை மூடிவிட்டுக் கிளம்பும் முறை

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்கும் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற வேலை. துணி லேட்டானால் பையர் என்னைக் கேட்பார், பையர் மனசு மாறினால் ஃபேக்டரி என்னைக் கேட்கும். பகலில் யாராவது கத்தினால் எனக்கு வாயே திறக்காது. ராத்திரி பதினொன்றரைக்கு மேல்தான் பதில் வரும், அதுவும் ஒன்றுக்கு மூன்றாக. அவர் சொன்னதை நான் சொல்லி, அதற்கு நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லி, அதற்கு அவர் என்ன சொல்வார் என்று அவர் குரலிலும் நானே பேசி, மணி இரண்டாகிவிடும்.

இதற்காக முதலில் எல்லோரும் சொல்கிற வழியைத்தான் பிடித்தேன். கிளம்பும் முன் நாளைய வேலைகளைப் பட்டியல் போட்டுவிட்டு வருவது. வேலைகளைப் பற்றிய யோசனை நிஜமாகவே குறைந்தது. சண்டை மட்டும் போகவில்லை. ஏன் என்று புரிய மூன்று மாதம் ஆனது: சண்டை அந்தப் பட்டியலிலேயே இல்லை. ‘ஃபேப்ரிக் இன்ஸ்பெக்‌ஷன் ரிப்போர்ட் அனுப்பணும்’ என்று எழுதுவோம். ‘அவர் எல்லார் முன்னாடியும் அப்படிச் சொன்னார்’ என்பதை எந்த வரியில் எழுதுவது? எழுதாததை மனசு கையிலேயே வைத்திருக்கிறது. கீழே இருப்பது பட்டியலோடு சண்டைக்கும் ஒரு இடம் கொடுக்கிற முறை.

தேவையானவை

ஒரு நோட்டு, ஒரு பேனா. நான் வாங்கியது நாற்பது ரூபாய் நோட்டு. ஃபோனில் எழுத வேண்டாம். எழுதப் போகும் நேரத்தில் குரூப் மெசேஜ் கண்ணில் படும், அதோடு எல்லாம் போச்சு. முந்நூறு ரூபாய்க்குள் ஒரு சாதாரண அலாரம் கடிகாரமும் வாங்கிவிடுங்கள், காரணம் ஆறாவது படியில். நேரக் கணக்கு: ஆபீஸில் தினமும் 20 நிமிடம். சண்டை நடந்த நாளில் இன்னும் 10.

1. முதலில் நான்கு இரவுகளைக் கவனியுங்கள்

எதையும் மாற்றாமல், காலையில் எழுந்து பல் துலக்கியதும் ஒரு வரி எழுதுங்கள்: நேற்று ராத்திரி எதைப் பற்றி ஓடியது? ராத்திரியிலேயே எழுதாதீர்கள், மணி பார்க்கவும் செய்யாதீர்கள். குத்துமதிப்பாக இருந்தால் போதும்.

நான் எழுதிய நான்கில் ஒன்று வேலைப் பட்டியல் கவலை, மறந்துபோன கூரியர். மூன்று, யாரோ சொன்ன ஒரு வாக்கியம். இரண்டும் ஒன்றுபோலத் தெரிந்தாலும் மருந்து வேறு. உங்களுக்கு ஓடுவது முதல் வகைதான் என்றால் மூன்றாவது படியே வேண்டாம், இரண்டாவதோடு நிறுத்திக்கொள்ளலாம்.

2. கிளம்பும் முன் 20 நிமிடம்

எனக்கு ஆறரைக்கு வேலை முடியும். ஆறு பத்துக்கு ஃபோனில் அலாரம். அடித்ததும் புதிதாக எதையும் தொடங்குவதில்லை. மெயில் பெட்டியை மேலிருந்து கீழே ஒருமுறை பார்க்கிறேன், பதில் எழுத இல்லை, நாளைக்கு எது இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. அப்புறம் ஓடிக்கொண்டிருக்கும் ஆர்டர்களின் தேதி அட்டவணை. பிறகு நோட்டில் நாளைய வேலைகள்.

பட்டியல் எழுதுவதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். லேப் டிப் என்பது நிறம் பார்க்கச் சாயம் போட்டு அனுப்பும் சின்னத் துணி மாதிரி. ‘லேப் டிப்’ என்று மட்டும் எழுதினால் அது வேலை இல்லை, தலைப்பு. ராத்திரி மனசு அந்தத் தலைப்பைப் பிரித்துப் பார்க்க உட்கார்ந்துவிடும். ‘காலை பத்து மணிக்கு டையிங் யூனிட்டுக்கு ஃபோன், பச்சை லேப் டிப் எப்போது வரும் என்று கேட்க’ என்று எழுதினால் பிரிக்க ஒன்றும் மிச்சமில்லை. அமெரிக்காவில் பேய்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்ட ஒரு சோதனை இருக்கிறது. தூக்க ஆய்வகத்தில் 57 பேரில் பாதிப் பேரைப் படுக்கும் முன் ஐந்து நிமிடம் செய்ய வேண்டியவற்றை எழுதச் சொன்னார்கள், மீதிப் பேரைச் செய்து முடித்தவற்றை. செய்ய வேண்டியதை எழுதியவர்கள் சராசரியாக 9 நிமிடம் சீக்கிரம் தூங்கினார்கள். அதிலும் விவரமாக எழுதியவர்கள் இன்னும் சீக்கிரம். ஒன்பது நிமிடம்தானா என்று எனக்கும் முதலில் சப்பென்று போனது. ஐந்து நிமிட எழுத்துக்கு அது நல்ல விலைதான், ஆனால் இரண்டு மணி நேரச் சண்டைக்கு அது மட்டும் போதாது என்பதும் அதிலேயே தெரிகிறது.

அவர்கள் படுக்கும் முன் எழுத வைத்தார்கள். நான் ஆபீஸிலேயே எழுதச் சொல்கிறேன். வீட்டில் எழுதிப் பார்த்தேன், ஏழாவது வேலை ஞாபகம் வந்ததும் லேப்டாப்பைத் திறந்துவிட்டேன். ஏழு எட்டு வரிக்கு மேல் போகாதீர்கள். மீதி அடுத்த வாரப் பக்கத்துக்குப் போகட்டும்.

3. சண்டைக்குத் தனிப் பக்கம்

நோட்டின் பின்பக்கத்திலிருந்து தொடங்குங்கள். மேலே தேதி. கீழே நான்கு பகுதி: நடந்தது, என் காதில் விழுந்தது, என் பங்கு, நாளைக்கு. பத்து நிமிடம்தான், ஒரு பக்கம்தான். என்னுடைய ஒரு பக்கத்தையே காட்டுகிறேன்.

கருநீல டி-ஷர்ட், 4,800 பீஸ். கழுத்துக்குப் போடும் ரிப் துணியை பாடி துணியோடு ஒரே லாட்டில் சாயம் போட வேண்டும், இல்லையென்றால் ஷேடு மாறும். ரிப் 22 கிலோ குறைந்துபோய், அதை மட்டும் பின்னால் தனி லாட்டில் போட்டார்கள். அது லேசாகச் சிவப்பு அடித்தது. கண்டுபிடிப்பதற்குள் 1,700 பீஸில் கழுத்து ஏறிவிட்டது. புரொடக்‌ஷன் மேனேஜர் தையல் லைனில் எல்லோர் முன்னாலும், “ஏம்மா, மெர்ச்சண்டைசர் டேபிள்லயே உக்காந்திருந்தா ரிப் தானா வந்து மேட்ச் ஆயிடுமா?” என்றார். டெய்லர் அக்கா இரண்டு பேர் சிரித்தார்கள். நான் ஒன்றும் பேசாமல் மேலே வந்துவிட்டேன்.

நடந்தது. இதில் கேமரா பிடித்திருக்கக்கூடியது மட்டும்தான் வர வேண்டும். அவர் சொன்ன வார்த்தை அப்படியே, எத்தனை மணி, யார் இருந்தார்கள். ‘அவமானப்படுத்தினார்’ என்று இங்கே எழுதக்கூடாது, அது அடுத்த பகுதிக்குப் போக வேண்டியது. நான் எழுதியபோது ஆச்சரியமாக இருந்தது: மொத்தம் ஒரே வாக்கியம். ராத்திரியில் என் தலைக்குள் அவர் பத்து நிமிடம் பேசுவார்.

என் காதில் விழுந்தது. ‘இவளுக்கு வேலை தெரியாது, சும்மா சம்பளம் வாங்குகிறாள் என்று லைன் முழுக்க நினைக்கிறார்கள்.’ இந்தப் பகுதியை எழுதும்போது உங்கள் பெயரைப் போட்டு, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றி எழுதுவதுபோல எழுதிப் பாருங்கள். ‘எனக்குக் கேட்டது’ என்று எழுதினால் கை சூடாகி இரண்டு பக்கம் ஓடும். பெயர் போட்டு எழுதினால் மூன்று வரியில் அடங்கும். அபத்தமாகத் தோன்றும், ஆனாலும் செய்யுங்கள்.

என் பங்கு. இதுதான் கசக்கும் பகுதி. ராத்திரி ஓட்டத்தின் எரிபொருளே இங்கேதான் இருக்கிறது என்பது என் அனுபவம். அந்த இரண்டாவது லாட் ரிப்பின் மாதிரித் துண்டு சாயங்காலம் ஐந்தரைக்கு என் மேஜைக்கு வந்தது. நிறம் ஒப்பிட்டுப் பார்க்கிற லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்காமல் டியூப் லைட் வெளிச்சத்தில் பார்த்து, ஃபோனிலேயே ஓகே சொல்லிவிட்டேன். கையெழுத்துப் போட்ட அப்ரூவல் கார்டு இல்லாமலே தைக்க ஆரம்பித்தது அவர் தப்பு. ஓகே சொன்னது என் தப்பு. ராத்திரி நான் போட்ட வாதங்களில் கார்டு பற்றியது இருபது முறை வந்தது, டியூப் லைட் ஒருமுறைகூட வரவில்லை. அதை மறைத்துக்கொண்டு வாதாடியதால்தான் வழக்கு முடியவே இல்லை.

உங்கள் பங்கு ஒன்றும் இல்லையென்றால் ‘இல்லை’ என்று எழுதுங்கள். இருப்பதுபோல இட்டுக்கட்டி எழுத வேண்டாம். தன்னைத்தானே குற்றம் சொல்லிப் பழகியவர்கள் இந்தப் பகுதியில் இரண்டு வரிக்கு மேல் எழுதக்கூடாது.

நாளைக்கு. எத்தனை மணி, எந்த இடம், முதல் வாக்கியம் என்ன. மூன்றும் வேண்டும். நான் எழுதியது: ‘9:30, ரிப்பையும் பாடியையும் லைட் பாக்ஸில் வைத்துப் பார்க்க. 9:45, அந்த 1,700 பீஸைத் தனியாக வைக்கச் சொல்ல. 10:15, மேனேஜர் கேபினில், லைனில் இல்லை: “சார், ரிப் விஷயத்துல நான் லைட் பாக்ஸ்ல பாக்காம ஓகே சொன்னது தப்பு. ஆனா லைன்ல எல்லார் முன்னாடியும் சொன்னது எனக்குக் கஷ்டமா இருந்துச்சு. இனிமே கேபின்ல கூப்பிட்டுச் சொல்லுங்க.”’

முதல் வாக்கியத்தை எழுதி வைப்பது முக்கியம். ராத்திரி மனசு ஒத்திகை பார்ப்பதே ‘எப்படி ஆரம்பிப்பது’ என்று தெரியாமல்தான். அது எழுதியாகிவிட்டால் ஒத்திகைக்கு வேலை குறைகிறது.

சில சண்டைகளுக்கு நாளை செய்ய ஒன்றும் இருக்காது. பஸ்ஸில் கண்டக்டர் திட்டியதுபோல, இனி பார்க்கவே போகாத ஆள். அப்போது ‘செய்ய ஒன்றும் இல்லை’ என்று எழுதிக் கோடு போடுங்கள். வெற்றாக விடாதீர்கள். வெற்றிடம் இருந்தால் மனசு நிரப்பப் பார்க்கும்.

மறுநாள் என்ன ஆனது என்றால், பத்தேகாலுக்கு அவர் கேபினில் இல்லை. நான்கு மணிக்குத்தான் பிடிக்க முடிந்தது. மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. “டென்ஷன்ல வந்துருச்சும்மா, விடு” என்றார். பதில் அவ்வளவுதான். ஆனால் முதல் நாள் ராத்திரியே பன்னிரண்டு மணிக்குள் தூங்கியிருந்தேன். பேசி முடித்ததால் இல்லை, எப்போது பேசப் போகிறேன் என்பது முடிவாகியிருந்ததால். 1,700 பீஸில் கழுத்தைப் பிரித்து மாற்றியது வேறு கதை.

இந்தப் படியில் இரண்டு கண்ணிகள். ஒன்று, பக்கத்தையே வாட்ஸ்அப் மெசேஜாக மாற்றி அன்றிரவே அனுப்புவது. அனுப்பினால் நீல டிக் வந்ததா என்று பார்க்க இன்னொரு இரவு போகும். மற்றொன்று, வீட்டுக்காரரிடம் முதலிலிருந்து கடைசி வரை சொல்வது. நான் தினமும் சொன்னேன், அவரும் என்னோடு சேர்ந்து கோபப்பட்டார், இருவருமாகச் சேர்ந்து சூடேற்றிக்கொண்டு படுத்தோம். இப்போது ‘நாளைக்கு’ பகுதியை மட்டும் சொல்கிறேன். “இப்படிப் பேசப் போறேன், சரியா இருக்குமா?” என்று கேட்டால் பேச்சு ஐந்து நிமிடத்தில் முடிகிறது.

எல்லாச் சண்டையும் மூடி வைக்க வேண்டியதும் இல்லை. பாலியல் சீண்டல் கலந்த பேச்சு என்றால் ‘நடந்தது’ பகுதியைத் தேதி, நேரம், சாட்சிகளோடு எழுதி அந்தப் பக்கத்தைப் பத்திரமாக வையுங்கள், புகாருக்கு அது உதவும். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும், சம்பவம் நடந்து 3 மாதத்துக்குள் எழுத்தில் புகார் கொடுக்க வேண்டும். தாமதத்துக்குச் சரியான காரணம் இருந்தால் குழு இன்னும் 3 மாதம் வரை நீட்டிக்கலாம்.

4. மூடியதற்கு ஒரு அடையாளம்

நோட்டை மூடி டிராயரில் வைத்துப் பூட்டுகிறேன். வீட்டுக்கு எடுத்துப் போவதில்லை. பூட்டும்போது வாய்விட்டு, மெதுவாகத்தான், “இன்னைக்குக் கடை சாத்தியாச்சு” என்கிறேன். பக்கத்து சீட் பெண் முதல் வாரம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். எந்த வாக்கியமும் பரவாயில்லை, ஆனால் முதல் மூன்று படிகள் முடிந்த பிறகு மட்டும் சொல்லுங்கள். அவசரமாகக் கிளம்பும் நாளில் சும்மா சொல்லிவிட்டுப் போனால் மனசு நம்பாது. இரண்டு முறை ஏமாற்றினால் வாக்கியம் செத்துவிடும்.

வண்டியில் போகும்போது சண்டை மறுபடி ஓடும். அதைத் தடுக்கப் பார்க்காதீர்கள், தடுத்தால் கூடும். “அது டிராயரில் இருக்கு” என்று ஒருமுறை சொல்லிவிட்டுச் சாலையைப் பாருங்கள். அவிநாசி ரோட்டில் சாயங்காலம் பார்க்க வேண்டியது நிறைய இருக்கிறது.

5. ராத்திரி மெயில் வரும் தொழிலாக இருந்தால்

ஆறரைக்குக் கடை சாத்து என்று சொல்வது எங்களுக்குப் பொருந்தாது. ஜெர்மனியில் சாயங்காலம் ஐந்து மணி என்றால் நமக்குக் குளிர்காலத்தில் இரவு 9:30, கோடையில் 8:30. பையர் கடைசியாக மெயில் போட்டுவிட்டுக் கிளம்பும் நேரம் அது. பார்க்காமல் இருந்தால் ‘வந்திருக்குமோ’ என்று ஓடும், பார்த்தால் வந்ததை வைத்து ஓடும்.

நான் வைத்திருப்பது ஒரே ஒரு ஜன்னல்: எட்டேமுக்காலிலிருந்து ஒன்பது மணி வரை, சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து. குளிர்காலத்தில் ஒரு மணி நேரம் தள்ளி. இன்றே பதில் போகாவிட்டால் ஷிப்மெண்ட் நிற்கும் என்பதற்கு மட்டும் பதில். மற்றதெல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் ஒரு வரி, காலையில் பையில் போட. அப்புறம் மறுபடி அதே வாக்கியம். இதைப் பையரிடமும் மேனேஜரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: “அந்த நேரத்துக்கு மேல அவசரம்னா கால் பண்ணுங்க, மெயில் பாக்க மாட்டேன்.” கால் வரும் என்று தெரிந்தால் மெயிலைத் தொட கை போகாது. எனக்கு ஆறு மாதத்தில் இரண்டே கால்தான் வந்தது.

6. அப்படியும் ஒரு மணிக்கு ஓடினால்

ஓடும். முதல் வாரங்களில் கட்டாயம் ஓடும். படுத்துக்கொண்டே போராடாதீர்கள். சுமார் 20 நிமிடம் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து வேறு அறைக்குப் போங்கள். மங்கலான வெளிச்சத்தில் சலிப்பான ஏதாவது: துணி மடிப்பது, பழைய வார இதழ் புரட்டுவது. கண் சொருகினால் திரும்பி வாருங்கள். வரவில்லையென்றால் மறுபடி எழுந்திருங்கள். படுக்கையில் கிடந்து சண்டை போட்டால் படுக்கை என்றாலே சண்டை என்று உடம்பு பழகிவிடுகிறது. தூக்கமின்மைக்கு மருத்துவர்கள் சொல்லித் தரும் பழைய முறை இது. ஒரே அறை வீடு என்றால் படுக்கையை விட்டுச் சுவரோரம் ஒரு பாயில் உட்காருங்கள், போதும்.

ஃபோன் இந்த நேரத்தில் கையில் இருக்கக்கூடாது. அலாரம் அடிக்க ஃபோன் வேண்டும் என்ற சாக்குக்குத்தான் அந்தக் கடிகாரம். அதன் முகத்தையும் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். காலையில் வழக்கமான நேரத்துக்கே எழுந்துவிடுங்கள். தூங்காத இரவை ஏழரை வரை இழுத்து ஈடு கட்டினால் அடுத்த ராத்திரி இன்னும் தாமதமாகும்.

எத்தனை நாள் ஆகும்

எனக்குப் பட்டியல் முதல் வாரத்திலேயே வேலை செய்தது. சண்டைப் பக்கம் படிய ஐந்து வாரம். இப்போதும் மாதத்தில் இரண்டு மூன்று ராத்திரி ஓடுகிறது, இரண்டு மணி நேரமாக இல்லை, கால் மணி நேரமாக. பக்கம் எழுதாமல் கிளம்பிய நாட்கள்தான் பெரும்பாலும் அவை, ஷிப்மெண்ட் வாரத்தில்.

வாரத்துக்கு மூன்று இரவோ அதற்கு மேலோ தூக்கம் கெட்டு, அது மூன்று மாதமாகத் தொடர்ந்தால் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு நோட்டுப் போதாது. எதிலும் ஆசையே இல்லாமல் போவது, உயிரோடு இருப்பதே வேண்டாம் என்று தோன்றுவது இருந்தால் மூன்று மாதம் காத்திருக்க வேண்டாம், அன்றே 14416 எண்ணைக் கூப்பிடுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், தமிழிலும் பேசலாம், ராத்திரியிலும் எடுப்பார்கள். மருத்துவரிடம் போகும்போது இரண்டு வாரக் குறிப்பு கொண்டுபோங்கள்: எத்தனை மணிக்குப் படுத்தீர்கள், சுமாராக எப்போது தூங்கினீர்கள், எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், சாயங்காலம் எத்தனை டீ. சாப்பிடும் மாத்திரைகளின் பெயர்களையும் எழுதிக்கொள்ளுங்கள், அவர் கேட்கும்போது ஞாபகம் வராது. சண்டைப் பக்கத்தை எடுத்துப் போக வேண்டியதில்லை, அது டிராயரிலேயே இருக்கட்டும்.